பழைய பத்திரத்தின் போட்டோ: மொழிபெயர்க்கும் முன் ஏன் படியெடுக்க வேண்டும்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தாத்தா காலத்துக் கிரயப் பத்திரத்தைப் போனில் படம் பிடித்து அனுப்பி, "இதை இங்கிலீஷில் எழுதித் தாருங்கள்" என்று கேட்பவர்களுக்காக இதைத் தொகுத்தேன். எல்லாருக்கும் நான் முதலில் அனுப்புவது ஆங்கிலம் அல்ல, பத்திரத்தில் உள்ளதை உள்ளபடியே வரி வரியாகத் தட்டச்சு செய்த ஒரு தமிழ்ப் படி. உடனே கேள்விகள் வந்துவிடும். திரும்பத் திரும்ப வந்தவற்றை, கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கீழே வைத்திருக்கிறேன்.

உதாரணத்துக்கு ஒரே பத்திரத்தைக் கடைசி வரை எடுத்துக்கொள்கிறேன். 1890களில் எழுதிய நன்செய்க் கிரயப் பத்திரம் அது. குடும்பத்தார் அடையாளம் தெரியாதபடி பெயர், ஊர் எல்லாவற்றையும் விட்டுவிட்டேன்.

படியெடுக்கிறதுன்னா என்ன? அதுவும் மொழிபெயர்ப்புல ஒரு பகுதிதானே?

இரண்டும் வேறு வேறு வேலை. "இந்தக் கோடு என்ன எழுத்து?" என்ற கேள்விக்குப் பதில் சொல்வது படியெடுப்பு. "இந்தச் சொல்லுக்கு என்ன பொருள்?" என்ற கேள்விக்குப் பதில் சொல்வது மொழிபெயர்ப்பு. முதல் கேள்விக்குக் கண் வேண்டும், இரண்டாவதற்கு மொழியறிவு வேண்டும். இரண்டையும் ஒரே மூச்சில் செய்தால், தவறு எந்த இடத்தில் நுழைந்தது என்று பிறகு யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது.

சுவடி பதிப்பித்தவர்கள் ஏட்டைப் படியெடுத்து, வேறு பிரதிகளோடு ஒப்பிட்ட பிறகுதான் உரை எழுத உட்கார்ந்தார்கள். 1890-ல் ஹுல்ட்ஸ் தொடங்கிய தென்னிந்தியக் கல்வெட்டுத் தொகுதியிலும் கல்லில் உள்ள வாசகம் வரி எண்ணோடு முதலில் இருக்கும், ஆங்கிலம் அதற்குப் பிறகுதான் வரும். வீட்டுப் பத்திரத்துக்கும் அதே வரிசையைத்தான் நான் பின்பற்றுகிறேன்.

நேரா இங்கிலீஷ்ல எழுதிட்டா என்ன தப்பு? நேரமும் மிச்சம், காசும் மிச்சம்.

நான் சொன்ன பத்திரம் என்னிடம் வருவதற்கு முன்பே அதற்கு ஓர் ஆங்கில மொழிபெயர்ப்பு இருந்தது. நல்ல, சரளமான ஆங்கிலம். தேதி 1897 செப்டம்பர் 5 என்று இருந்தது, தமிழ் ஆண்டு ஹேவிளம்பி என்று இருந்தது. இரண்டும் ஒன்றுக்கொன்று பொருந்துகின்றன, ஏனென்றால் 1897 ஏப்ரல் முதல் 1898 ஏப்ரல் வரை ஹேவிளம்பிதான். படிக்கிறவருக்குச் சந்தேகமே வராது.

போட்டோவைத் திறந்து எழுத்தெழுத்தாகப் படியெடுத்தேன். ஆண்டின் கடைசி எண் ௭ போலவும் இருந்தது, ௮ போலவும் இருந்தது. ௭ என்பது 'எ' வடிவம், ௮ என்பது 'அ' வடிவம். இரண்டிலும் இடப்பக்கம் ஒரு சுழி, வலப்பக்கம் ஒரு நேர்கோடு. மை மங்கிய இடத்தில் வித்தியாசம் தெரியவில்லை. அடுத்து ஆண்டுப் பெயர். பக்கத்தில் தெளிவாகத் தெரிந்தது "விளம்பி" மட்டுமே. அதற்கு முன்னால் காகிதம் மடிந்திருந்தது. விளம்பி என்றால் 1898–99, ஹேவிளம்பி என்றால் அதற்கு முந்தைய ஆண்டு. முன்பு மொழிபெயர்த்தவர் எண்ணை 7 என்று எடுத்துக்கொண்டு, அதற்கு ஒத்துப்போகும்படி மடிப்புக்குள் ஒரு "ஹே" இருப்பதாகத் தானே வைத்துவிட்டார் என்று நினைக்கிறேன். அவர் நேர்மையாகத்தான் செய்திருப்பார். ஆனால் இரண்டு சந்தேகங்கள் சேர்ந்து ஒரு நிச்சயமாகி, ஆங்கிலத்தில் தடயமே இல்லாமல் மறைந்துவிட்டன.

படி இருந்திருந்தால் அந்த இடத்தில் "[மடிப்பு]விளம்பி" என்று நின்றிருக்கும். பார்க்கிற யாரும் "இங்கே என்ன?" என்று கேட்டிருப்பார்கள்.

போட்டோதான் கூடவே இருக்கே. சந்தேகம் வந்தா அதைப் பார்த்துக்க மாட்டாங்களா?

ஆங்கில வாக்கியத்தைக் கையில் வைத்துக்கொண்டு போட்டோவில் எங்கே பார்ப்பது? பத்திரத் தமிழில் ஒரே வாக்கியம் பத்து வரி ஓடும். வினைமுற்று கடைசியில்தான் வரும். ஆங்கிலத்தில் அது நாலு வாக்கியமாக உடைந்து, வரிசையும் தலைகீழாகிவிடும். ஆங்கிலத்தின் மூன்றாவது வாக்கியம் போட்டோவின் எந்த வரியிலிருந்து வந்தது என்று கண்டுபிடிப்பதே தனி வேலை.

படியில் ஏழாவது வரி என்றால் போட்டோவிலும் ஏழாவது வரி. பக்கத்தில் பக்கத்தில் வைத்து விரலை ஓட்டலாம். அதோடு, ஆங்கிலத்தைப் படித்துவிட்டுப் போட்டோவைப் பார்க்கும் கண் தான் எதிர்பார்த்ததையே பார்க்கும். "ஹேவிளம்பி" என்று படித்தவருக்கு மடிப்பு நிழலே "ஹே" மாதிரித் தெரியும். எனக்கே அப்படி ஆகியிருக்கிறது.

நம்ம தமிழ்தானே, அப்படி என்ன தப்பாப் படிச்சுடப் போறோம்?

இன்றைய தமிழ் எழுத்துக்குப் பழகிய கண் அந்தக் கால எழுத்தில் மூன்று இடங்களில் தடுக்கி விழும். ஒன்று, பலர் மெய்யெழுத்துக்குப் புள்ளி வைக்க மாட்டார்கள். இரண்டு, எ–ஏ, ஒ–ஓ வேறுபாட்டைக் கையெழுத்தில் காட்டாதவர்கள் உண்டு. வீரமாமுனிவர் 18-ஆம் நூற்றாண்டிலேயே அந்தச் சீர்திருத்தத்தைச் செய்தும், பத்திரம் எழுதிய கைகள் பழைய வழக்கத்தை உடனே விட்டுவிடவில்லை. மூன்று, 'ர' என்ற எழுத்தும் துணைக்காலும் ஒரே மாதிரி இருக்கும்.

மூன்றும் ஒரே சொல்லில் சேர்ந்தால் என்ன ஆகும் என்று "சேர்வை" என்ற பட்டப்பெயரை வைத்துப் பாருங்கள். நெடில் காட்டவில்லை, புள்ளி இல்லை, ர-வும் காலும் ஒன்று. பக்கத்தில் கண்ணுக்குத் தெரிவது "செரவை" அல்லது "சொவை". அந்தப் பட்டப்பெயரைக் கேட்டிராதவர் "சொவை" என்று படித்து, ஆங்கிலத்தில் அதையே ஆளின் பெயராக எழுதிவிடுவார். வெளிநாட்டில் இருக்கும் பேரன் அந்தப் பெயரைத் தேடி அலைவான். படியில் எழுத்து அப்படியே நின்றால், அந்த ஊர்க்காரர் ஒருவர் பார்த்த மாத்திரத்தில் "இது சேர்வைங்க" என்று சொல்லிவிடுவார்.

பத்திரத்துல எழுத்துப் பிழை நிறைய இருக்கு. படியெடுக்கும்போது திருத்திட்டா நல்லாத்தானே இருக்கும்?

திருத்தாதீர்கள். "முன்னூத்தி யிருவத்தஞ்சு" என்று இருந்தால் அப்படியே எழுதுங்கள். "முன்னூற்று இருபத்தைந்து" என்று நீங்கள் மாற்றிய நொடியிலேயே, சரிபார்ப்பவர் போட்டோவையும் படியையும் எழுத்துக்கு எழுத்து ஒப்பிட முடியாமல் போகிறது. அதன்பின் ஒவ்வொரு வேறுபாட்டுக்கும் "இது திருத்தமா, தவறான வாசிப்பா?" என்று அவர் உங்களைக் கேட்க வேண்டியிருக்கும்.

வரியை உடைப்பதிலும் அதே விதிதான். சொல்லின் நடுவில் வரி முடிந்தால் படியிலும் அங்கேயே முடியுங்கள். அடித்தல் இருந்தால் "[அடித்தது: ...]" என்று போடுங்கள். வரிக்கு மேலே செருகியிருந்தால் "[மேலே: ...]" என்று போடுங்கள். ஓரத்தில் உள்ள கைநாட்டு, சாட்சிக் கையெழுத்து, முத்திரை எல்லாவற்றையும் அவை இருக்கும் இடம் சொல்லிக் குறியுங்கள். திருத்தமும் விளக்கமும் வேண்டுமென்றால் அவற்றுக்குத் தனிப் பத்தி ஒன்று பக்கத்தில் வையுங்கள்.

புள்ளியே இல்லாம எழுதினா படிக்கவே முடியலையே. புள்ளி கூடப் போடக் கூடாதா?

இதில் நான் கறாராக இருப்பதில்லை. குடும்பத்துக்கான படி என்றால் வழக்கமான சொற்களுக்குப் புள்ளியும் நெடிலும் போட்டுவிடுகிறேன், "புள்ளியும் நெட்டெழுத்தும் என்னுடையவை" என்று படியின் தலையில் ஒரு வரி எழுதியும் விடுகிறேன். "கிரயப பததிரம" என்று எழுதி வைத்தால் சரிபார்க்க வேண்டிய பெரியவர் இரண்டாவது வரியிலேயே படிப்பதை விட்டுவிடுவார்.

ஆனால் ஆள் பெயர், ஊர்ப் பெயர், வயலின் பெயர் இவற்றில் மட்டும் பக்கத்தில் உள்ளதை அப்படியே முதலில் எழுதி, என் ஊகத்தை அடைப்புக்குள் வைப்பேன்: "செரவை [சேர்வை?]". வழக்கமான சொல்லில் புள்ளி எங்கே வரும் என்பதை வாக்கியமே காட்டிவிடும். பெயருக்கு அந்த உதவி கிடையாது.

எண்ணை 1898, 325-ன்னு இப்பத்திய மாதிரி எழுதினாப் போதாதா? அந்தப் பழைய எண்ணையே டைப் பண்ணணுமா?

பழைய எண்ணையே தட்டச்சு செய்யுங்கள், இன்றைய எண்ணை விளக்கப் பத்தியில் வையுங்கள். பழைய முறையில் இடமதிப்பு கிடையாது. பத்துக்கு ௰, நூற்றுக்கு ௱, ஆயிரத்துக்கு ௲ என்று தனி அடையாளங்கள் உண்டு. 325 என்பது ௩௱௨௰௫, அதாவது மூன்று நூறு, இரண்டு பத்து, ஐந்து. 1898 என்பது ௲௮௱௯௰௮. நீங்கள் 325 என்று மட்டும் எழுதிவிட்டால், ௱ என்ற அடையாளத்தை உண்மையிலேயே பார்த்தீர்களா, பழக்கத்தில் ஊகித்தீர்களா என்று சரிபார்ப்பவருக்குத் தெரியாது.

எண்கள் எழுத்துகளைப் போலவே இருப்பதால் வேறு தொல்லையும் வரும். ௧ என்பது 'க', ௨ என்பது 'உ', ௫ என்பது 'ரு', ௰ என்பது 'ய'. பத்திரத்தின் உச்சியில் உள்ள பிள்ளையார் சுழியை எண் 2 என்று எடுத்துக்கொண்டு, ஆங்கிலத்தில் பத்திர எண்ணாகவே போட்ட ஒரு தாளை நான் பார்த்திருக்கிறேன். படியில் முதல் வரியில் தனியாக "உ" நின்றால் ஒரு பாட்டிகூட அதைப் பிடித்துவிடுவார்.

நல்லவேளையாக, கிரயத் தொகையை எண்ணிலும் எழுத்திலும் இரண்டு முறை எழுதும் வழக்கம் உண்டு. நம் பத்திரத்தில் "௹ ௩௱௨௰௫ முன்னூத்தி யிருவத்தஞ்சு" என்று இருந்தது. இரண்டையும் தனித்தனியாகப் படித்துப் படியெடுத்தால் ஒன்று மற்றதற்குச் சாட்சி. ஒன்றைப் படித்துவிட்டு மற்றதை அதற்கேற்ப நிரப்பினால் அந்தச் சாட்சியை நாமே கெடுத்துவிடுகிறோம்.

"ஷை ஷை"ன்னு வரிக்கு வரி வருது. அதை "மேற்படி"ன்னு எழுதிடலாமா?

பொருள் மேற்படிதான். மேற்படிக்கான பழைய அடையாளம் ௸. பார்வைக்கு அது கிரந்த 'ஷ' போல இருப்பதால் பலர் அதை "ஷை" என்றே படிக்கிறார்கள், எழுதவும் செய்கிறார்கள். நாள், மாதம், ஆண்டு இவற்றுக்கு ௳ ௴ ௵ என்று அடையாளங்கள் இருப்பதைப் போலத்தான். எல்லாமே யூனிகோடில் இருக்கின்றன, தட்டச்சு செய்யலாம்.

விரிக்காமல் விடச் சொல்வதற்கு ஒரு காரணம் இருக்கிறது. "௸ வாய்க்கால்", "௸ நன்செய்", "௸ யார்" என்று ஒரே பக்கத்தில் அது பதினைந்து முறை வரும். நாலாவது வரியில் ஒரு ௸-ஐ எழுதிவிட்டுக் கண்ணைத் தாளுக்குத் திருப்பும்போது, ஆறாவது வரியில் உள்ள ௸-இல் போய் உட்கார்ந்துவிடும். நடுவில் ஒன்றரை வரி காணாமல் போகும், வாக்கியம் மட்டும் பொருளோடு தொடரும். ஆங்கிலத்தில் இதைக் கண்டுபிடிக்க வழியே இல்லை. வரி எண்ணோடு எடுத்த படியில், போட்டோவில் 23 வரி, தாளில் 22 என்று எண்ணிப் பார்த்தாலே தெரிந்துவிடும். எந்த ௸ எதைக் குறிக்கிறது என்பது மொழிபெயர்க்கும்போது முடிவு செய்ய வேண்டியது.

ஒரு இடம் சரியாத் தெரியல. ஆனா அங்க என்ன இருக்கும்னு எனக்கு நல்லாத் தெரியும். எழுதிடலாமா?

எழுதலாம், அடைப்புக்குள். மூன்று நிலைகளை மட்டும் பிரித்துக் காட்டினால் போதும். தெளிவாகத் தெரிவது சும்மா நிற்கும். கோடு தெரிந்தும் எந்த எழுத்து என்று உறுதியில்லாதது கேள்விக்குறியோடு அடைப்புக்குள் போகும். எதுவுமே தெரியாத இடம், எத்தனை எழுத்துக்கு இடம் இருக்கிறது என்ற மதிப்போடு அடைப்புக்குள் போகும். நம் பத்திரத்தின் தேதி வரி இப்படி வந்தது:

1. உ
2. ௲௮௱௯௰[௮? ௭?] ௵ செப்டம்பர் ௴ ௫ ௳ க்குச் சரி
3. யான [மடிப்பு: 0 முதல் 2 எழுத்து]விளம்பி ௵ ஆவணி ௴ [கிழிசல்: 2 அல்லது 3 எழுத்து] ௳

"சர்வ சுதந்திர பாத்தியமாய்", "புத்திர பௌத்திர பாரம்பரியமாய்" என்று எல்லாப் பத்திரத்திலும் வரும் தொடர்களில் நாலு எழுத்து மறைந்திருந்தால் நிரப்புவதில் ஆபத்து குறைவு. இருந்தாலும் அடைப்பு வேண்டும். பெயரையும் எண்ணையும் எக்காரணம் கொண்டும் ஊகத்தில் நிரப்ப வேண்டாம்.

போட்டோ சரியில்லைன்னா வேற போட்டோ கேக்கலாமா? திரும்பத் திரும்பக் கேட்டா சங்கடமா இருக்கு.

"முழுதும் திரும்ப எடுங்கள்" என்று கேட்டால்தான் சங்கடம். படி இருந்தால், "மூன்றாம் வரியில் மடிப்பு இருக்கும் இடம் மட்டும், ஜன்னலோரம் வைத்து, பக்கவாட்டு வெளிச்சத்தில்" என்று கேட்கலாம். எதைக் கேட்பது என்று சொல்லித் தருவதே அந்த அடைப்புகள்தான்.

நம் பத்திரத்தில் அப்படித்தான் கேட்டேன். வீட்டுக்காரர் மடிப்பை மெல்ல விரித்து, மேலே கண்ணாடித் துண்டு ஒன்றை வைத்து எடுத்து அனுப்பினார். மடிப்புக்குள் எழுத்தே இல்லை, வெறும் காகிதம். ஆக, ஆண்டு விளம்பி, எண் ௮. கூடவே பின்பக்கத்தையும் கேட்டிருந்தேன். பதிவு மேலெழுத்தில் வருடம் முத்திரைக்கு அடியில் மறைந்திருந்தது. ஆனால் பத்திரம் எழுதிய அதே செப்டம்பர் 5-ஆம் தேதியே பதிவுக்குக் கொடுத்ததாக இருந்தது. 1897-ல் செப்டம்பர் 5 ஞாயிற்றுக்கிழமை, 1898-ல் திங்கட்கிழமை. ஞாயிற்றுக்கிழமை பதிவு நடந்திருக்காது. மூன்று தடயங்களும் ஒரே பக்கம் சாய்ந்த பிறகுதான் கேள்விக்குறியை எடுத்தேன்.

பின்பக்க மை ஊறி முன்பக்கம் தெரிவது, பக்கத்தின் ஓரம் படத்துக்கு வெளியே போய்விடுவது, இரண்டு படங்கள் சேரும் இடத்தில் ஒரு வரி இரண்டிலும் விட்டுப்போவது, இவையும் படியெடுக்கும்போதே வெளிவந்துவிடும். படத்தில் வரியின் கடைசி எழுத்து பாதியில் வெட்டுப்பட்டிருக்கிறதா என்று முதலிலேயே பாருங்கள்.

பழைய எழுத்து எனக்குப் படிக்கத் தெரியாது. நான் எப்படிச் சரிபார்க்கிறது?

படிக்க வேண்டாம், வடிவத்தை ஒப்பிட்டால் போதும். அந்தப் பக்கத்திலேயே ஐயமில்லாத சொற்கள் சில இருக்கும்: "கிரயம்", "நன்செய்", "வாய்க்கால்". படியின் துணையோடு அவற்றைப் போட்டோவில் கண்டுபிடித்து, எழுதியவர் க, ர, வ, ல எழுத்துகளை எப்படிப் போடுகிறார் என்று ஒரு தாளில் வரைந்துகொள்ளுங்கள். பிறகு சந்தேகமான சொல்லை அந்தத் தாளோடு வைத்துப் பாருங்கள். ஒரே கை எழுதியது என்பதால் வடிவம் பெரிதாக மாறாது.

வீட்டில் இரண்டு பேர் இருந்தால் ஒருவர் படியைச் சத்தமாக, எழுத்துக்கூட்டி வாசிக்கட்டும், மற்றவர் போட்டோவில் விரல் வைத்துக்கொண்டு வரட்டும். பெயருக்கும் எண்ணுக்கும் மட்டும் முறையை மாற்றுங்கள். படியைக் காட்டாமல், போட்டோவில் அந்த இடத்தை மட்டும் பெரிதாக்கிக் காட்டி, "இது என்னன்னு தெரியுது?" என்று கேளுங்கள். ஏன் என்பதை மூன்றாவது கேள்விக்கான பதிலில் சொன்னேன்: சொல்லிவிட்டுக் காட்டினால் சொன்னதுதான் தெரியும்.

என் பேத்திக்குத் தமிழே தெரியாது, இங்கிலீஷ் மட்டும்தான். அவளுக்கு இந்தப் படியால என்ன பிரயோஜனம்?

அவரே வரிகளை எண்ணிப் பார்க்கலாம், எங்கெங்கே அடைப்பு இருக்கிறது என்று பார்க்கலாம். ஆங்கிலத்தில் அதே இடங்களில் சந்தேகக் குறிப்பு இருக்கிறதா என்றும் பார்க்கலாம். படியில் அடைப்பு இருந்து ஆங்கிலத்தில் இல்லையென்றால் மொழிபெயர்த்தவரைக் கேட்க அவருக்குத் தமிழ் தேவையில்லை. இன்னொன்று, படியை அவர் தமிழ் தெரிந்த யாருக்கும் அனுப்பலாம். போட்டோவை எல்லாராலும் படிக்க முடியாது, தட்டச்சுப் படியை முடியும்.

படியைச் சரிபார்த்தாச்சு. அப்புறமும் மொழிபெயர்ப்புல தப்பு வருமா?

வரும். அப்போது அது வாசிப்பில் வந்த தவறு அல்ல என்று உடனே தெரியும். நம் பத்திரத்திலேயே ஒன்று இருந்தது. நான்கெல்லை சொல்லும் இடத்தில் படி "வாய்க்காலுக்குக் கிழக்கு" என்கிறது. பழைய ஆங்கிலத் தாளில் "கிழக்கே: வாய்க்கால்" என்ற பொருளில் எழுதியிருந்தார்கள். எழுத்தைச் சரியாகத்தான் படித்திருக்கிறார்கள், பொருளைப் புரட்டிவிட்டார்கள். வாய்க்காலுக்குக் கிழக்கே இருப்பது நிலம். அப்படியென்றால் நிலத்துக்கு மேற்கு எல்லைதான் வாய்க்கால். நான்கு திசையும் இப்படியே புரண்டிருந்தன. அந்தத் தாளை வைத்து வரைபடம் போட்டால் வயல் வாய்க்காலின் அந்தப் பக்கம் போய்விடும்.

போட்டோவையும் ஆங்கிலத்தையும் மட்டும் வைத்திருந்த குடும்பம் இதை "எழுத்து தெரியலை, தப்பாப் படிச்சிருப்பாங்க" என்று நினைத்து, நல்ல போட்டோ எடுக்க ஊருக்குப் போகத் தயாராக இருந்தது. படியில் அந்த வரியில் அடைப்பே இல்லை. திருத்த வேண்டியது ஆங்கிலத்தில் நாலே சொற்கள்.

அச்சடிச்ச பக்கத்துக்கும் படி வேணுமா?

சுருக்கமாக எடுத்தால் போதும். 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய அச்சில் ணை, லை, னை, ளை, ணா, றா, னா போன்றவை பழைய வடிவில் இருக்கும். அவற்றுக்குப் பழகாதவர் ஒரு பக்கம் படியெடுத்துக் காட்டிவிட்டு மேலே போகலாம். அச்சில் எனக்குக் கவலை தருவது தேய்ந்த எண்களும், ஒற்றுப்புள்ளி விழாத பெயர்களும்தான்.

பத்திரம் ஆறு பக்கம். எல்லாத்தையும் எழுத்துக்கு எழுத்து எடுக்கணுமா?

எல்லாவற்றையும் எடுப்பதுதான் என் வழக்கம். வாரிசு உரிமை பற்றிய வழக்கமான தொடர்களுக்கு நடுவில் ஒரு பெயரோ நிபந்தனையோ ஒளிந்திருக்கும். நேரமே இல்லையென்றால் தேதி, ஆட்களின் பெயர், தொகை, நிலத்தின் அளவு, நான்கெல்லை, கையெழுத்துகள், அடித்தல் திருத்தல் உள்ள வரிகள், இவற்றையாவது முழுமையாக எடுங்கள். மற்ற வரிகளை "வரி 9 முதல் 13 வரை எடுக்கவில்லை" என்று வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள். விட்டதைச் சொல்லாத சுருக்கப் படி முழுப் படி போலத் தெரியும். அதை நம்பிச் சரிபார்த்தவர் ஏமாந்துபோவார்.

நிலத்தின் அளவில் மட்டும் அவசரப்படாதீர்கள். தஞ்சாவூர்ப் பக்கத்தில் 100 குழி ஒரு மா, 20 மா ஒரு வேலி. இருபதில் ஒரு பங்கு என்ற பின்னத்துக்கும் பெயர் மா. பின்னங்களுக்கும் தனி அடையாளங்கள் உண்டு, யூனிகோடில் 2019-ல்தான் அவை சேர்ந்தன, பல போன்களில் கட்டமாகத்தான் தெரியும். தெரியவில்லையென்றால் "[பின்ன அடையாளம்]" என்று எழுதி, அந்த இடத்தின் சின்னப் படத்தையே படியில் ஒட்டிவிடுங்கள்.

ரெண்டு பேர் ரெண்டு விதமாப் படிக்கிறாங்க. யார் சொல்றதை எடுத்துக்கிறது?

இரண்டையும் படியில் வையுங்கள், தேதி வரியில் "[௮? ௭?]" என்று வைத்தது போல. முடிவை வெளிச்சான்று சொல்லட்டும். தேதியானால் ஆண்டுப் பெயரும் கிழமையும் உதவும், தொகையானால் எழுத்தில் எழுதியது உதவும். பெயரானால் அதே ஆளின் கையெழுத்தோ வேறு பத்திரமோ உதவும். பதிவான பத்திரம் என்றால் சார்பதிவாளர் அலுவலகத்தின் 1-ஆம் புத்தகத்தில் நகல் இருக்கும். அதற்குச் சான்றிட்ட நகல் கேட்டு வாங்கலாம். பத்திரம் புதிதாக, கிழியாமல் இருந்தபோது அந்தக் காலத்து எழுத்தர் ஒருவர் கையால் எடுத்த படிதான் அது.

அந்த நகலையும் கண்ணை மூடிக்கொண்டு ஏற்காதீர்கள். எழுத்தருக்கும் ஒரு ௸-இலிருந்து இன்னொரு ௸-க்குக் கண் தாவியிருக்கலாம். அதிலிருந்து எடுத்த எழுத்துகளுக்குப் பக்கத்தில் "[நகலிலிருந்து]" என்று குறித்துவிடுங்கள். கிழிசலில் மறைந்த ஆவணித் தேதியை நம் குடும்பம் இந்த வழியில்தான் தேடிக்கொண்டிருக்கிறது. அது கிடைக்கும் வரை ஆங்கிலத்திலும் அந்த இடத்தில் தேதி தெரியவில்லை என்றுதான் எழுதியிருக்கிறேன்.

படி சரின்னு நீங்க சொல்லிட்டா, பத்திரமும் சரின்னு அர்த்தமா?

இல்லை. பக்கத்தில் என்ன எழுதியிருக்கிறது என்பதற்கு மட்டும்தான் படி பொறுப்பு. எழுதியது உண்மையா, கையெழுத்து அவருடையதா, நிலம் இப்போது யார் பெயரில் இருக்கிறது என்பதற்கெல்லாம் வில்லங்கச் சான்றையும் பட்டாவையும் எடுத்துக்கொண்டு வழக்கறிஞரிடம் போக வேண்டும். போகும்போது போட்டோ, படி, ஆங்கிலம் மூன்றையும் ஒரே உறையில் கொண்டுபோங்கள். எல்லாவற்றிலும் வரி எண் ஒன்றாக இருக்கட்டும்.